பல்லில் சீழ் கட்டினால் முதலில் பல் டொக்டர்

பல்லில் சீழ் கட்டினால் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போடுவதற்கு முதல், பல் டொக்டரிடம் போய்ச் சீழை வெளியேற்றுங்கள். களுவாஞ்சிகுடியோ அக்கரைப்பற்றோ, அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் இதற்குக் காசில்லை.

சூத்தை உள்ளே இறங்கிய கடைவாய்ப் பல்லில் நரம்பும் இரத்தக் குழாயும் செத்துவிடும். மருந்து இரத்தத்தோடுதான் போகும். இரத்தம் ஓடாத பல்லுக்குள்ளும் சீழ்ப் பைக்குள்ளும் அது போதிய அளவு சேராது. குளிசை போட்டு மூன்றாம் நாள் வீக்கம் வற்றினாலும், கிருமி வேருக்குள்ளேயே இருக்கும். சில கிழமையில் அதே இடத்தில், முரசில் பருப்போல மீண்டும் புடைக்கும். பல்லைத் திறந்து வேர்ச் சிகிச்சை செய்தால், அல்லது பிடுங்கினால், சீழ் வழிந்து அழுத்தம் குறையும். நோவும் பெரும்பாலும் அதோடு அடங்கும். பல் நோவு மட்டும்தான், காய்ச்சலோ வீக்கமோ இல்லை என்றால் அன்டிபயோட்டிக் பெரும்பாலும் தேவையே இல்லை.

காய்ச்சல் வந்தால், வீக்கம் கன்னத்துக்குப் பரவினால், கட்டுப்படாத நீரிழிவு இருந்தால் அன்டிபயோட்டிக் உண்மையாகவே வேண்டும், அதுவும் சிகிச்சையோடு சேர்த்து. வாய் திறக்க முடியாமல் போனால், தாடைக்குக் கீழே வீங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், கண் வீங்கி மூடினால், கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். இரவென்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.