படிக்கும் வரிகள் வளைந்து தெரிந்தால்: விழித்திரைச் சவ்வைக் கண்டுபிடிப்பதும் ஆபரேஷனை முடிவு செய்வதும்

பேப்பர் படிக்கும்போது நேர்வரி அலையலையாக நெளிகிறது, கண்ணாடியை மாற்றியும் சரியாகவில்லை என்றால், கண்ணின் பின்பக்கம் உள்ள விழித்திரையின் மேல் சவ்வு படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இது அரிதான விஷயம் இல்லை.

கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதாக ஆகச் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். அப்போது சிலருக்கு அந்த இடத்தில் செல்கள் தங்கி, செலோபேன் தாள் போல மெல்லிய தழும்பாக வளர்கின்றன. அந்தத் தழும்பு சுருங்கும்போது அடியில் உள்ள மாகுலாவையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும். எழுத்துகளைப் படிக்க உதவும் நடுப்பகுதிதான் மாகுலா. அது கசங்கினால் வரி வளையும். சர்க்கரை நோய், விழித்திரைக் கிழிசல், கண்ணுக்குள் வந்த அழற்சி ஆகியவற்றாலும் சவ்வு வரலாம்.

முதல் படி: கட்டம் வரையுங்கள். வெள்ளைத் தாளில் 10 செ.மீ. சதுரம் போட்டு, உள்ளே 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். இதற்கு ஆம்ஸ்லர் கட்டம் என்று பெயர்.

இரண்டாவது படி: ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டத்தைச் சுமார் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை முழுதாக மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு வளையும் இடத்தைப் பென்சிலால் குறித்து, எந்தக் கண், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. நல்ல கண் குறையை மறைத்துவிடும்.

மூன்றாவது படி: அவசரமா என்று தீர்மானியுங்கள். சவ்வினால் வரும் நெளிவு பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வரும். சில நாட்களுக்குள் திடீரென்று நெளிந்தால், அல்லது நடுவில் கருப்புத் திட்டு தெரிந்தால், மாகுலாவுக்கு அடியில் நீரோ ரத்தமோ கசிந்திருக்கலாம். அதற்குச் சீக்கிரம் ஊசி போட்டாக வேண்டும். மின்னல் வெட்டுவது போலவோ, பூச்சி பறப்பது போலவோ, ஓரத்தில் திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே விழித்திரை டாக்டரைப் பாருங்கள்.

நான்காவது படி: ஓசிடி ஸ்கேன். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை இது. வலியே கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். விழித்திரையின் மேல் ஒரு பளிச்சென்ற கோடாகச் சவ்வு தெரியும். மாகுலாவின் நடுவில் இருக்க வேண்டிய குழி தட்டையாகியிருக்கிறதா, அடியில் நீர் இருக்கிறதா என்றும் அதில் பார்க்கலாம். முதல் படத்தின் நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.

ஐந்தாவது படி: ஆபரேஷன் எப்போது? இங்கேதான் நிதானம் வேண்டும். சொட்டு மருந்தோ கண் பயிற்சியோ இந்தச் சவ்வைக் கரைக்காது. ஆனால் நிறைய சவ்வுகள் வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடும். ஸ்கேனில் தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்கத் தேவையில்லை.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் கணக்கு எழுதும் என் சித்தப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வலது கண் பார்வை 6/9, நெளிவு லேசாகத்தான் இருந்தது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாததால் டாக்டர் காத்திருக்கச் சொன்னார். அப்புறம் பார்வை 6/18 ஆகக் குறைந்தது, பேரேட்டின் வரிசைகள் ஒன்றோடொன்று கலந்தன. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டுதான் கணக்கு எழுதினார். என்னைப் பொறுத்தவரை, சவ்வு இருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் நிலை வந்துவிட்டால் ஆபரேஷனைப் பற்றி நிச்சயம் பேச வேண்டும். பார்வை மிகவும் இறங்கும்வரை காத்திருந்தால், திரும்பக் கிடைப்பதும் குறையும்.

சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளைகள் வழியாக ஜெல்லை எடுத்து, சாயம் போட்டு, நுண்ணிய இடுக்கியால் சவ்வை உரித்தார்கள். "வரி முழுசா நேராகிடுமா டாக்டர்?" என்று சித்தப்பா கேட்டார். "நெளிவு குறையும்ங்க ஐயா, முழுசா போகும்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அப்படியேதான் ஆனது. பார்வை உடனே தெளியவில்லை, மாதங்கள் பிடித்தன. 6/9-க்குத் திரும்பியது, லேசான வளைவு மட்டும் மிச்சம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கண்புரை வேகமாக முற்றுவது வழக்கம். அவருக்கும் பின்னால் புரை ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்தச் செலவையும் முன்பே கணக்கில் வையுங்கள்.

மலைக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கண்ணுக்குள் காற்றோ வாயுவோ விட்டிருக்கிறீர்களா?" சவ்வு உரிப்பதற்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது, சிலருக்கு மட்டும் விடுவார்கள். விட்டிருந்தால் அது கரையும்வரை ஏற்காடு ஏறக் கூடாது. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழேதான் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், கண்ணுக்குள் உள்ள வாயு விரியும். கண் அழுத்தம் எகிறிப் பார்வையே போகலாம். வாயுவின் வகையைப் பொறுத்து சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை கீழேயே உறவினர் வீட்டில் தங்க வேண்டியிருக்கும். விமானமும் கூடாது.

விழித்திரை விலகுவதும் கண்ணுக்குள் கிருமி பாதிப்பதும் அரிது, ஆனால் நடக்கக்கூடியவை. ஆபரேஷனுக்குப் பின் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, ஓரத்தில் திரை போல இறங்கினாலோ, மறுசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.