சுகாதாரத் திட்டத்துக்குத் தியரி ஆஃப் சேஞ்ச் எழுதுவது எப்படி? இரத்த அழுத்தத் திட்டத்தை வைத்து ஒரு செய்முறை

திட்டத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது தியரி ஆஃப் சேஞ்ச் விவரிப்பு ஒன்றையும் கேட்பார்கள். நாம் செய்யும் வேலை எந்த வழியாக மக்களின் உடல்நலத்தில் மாற்றமாகிறது, அந்த வழி பலிக்கும் என்று ஏன் நம்புகிறோம் என்பதை அதில் சொல்ல வேண்டும். செய்யப்போகும் வேலைகளை அடுக்கிவிட்டு "இதனால் மக்கள் பயன்பெறுவர்" என்று முடிப்பவர்கள் அதிகம். நடுவில் உள்ள வழியைத்தான் விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுகிறார்.

உதாரணத்துக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்ப்பதும், மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பதும் அந்தப் பகுதி.

படி 1: முடிவிலிருந்து தொடங்குங்கள்

பக்கவாதமும் மாரடைப்பும் குறைய வேண்டும் என்பது இறுதி நோக்கம். ஆனால் ஓர் ஒன்றியத்தில் மூன்று ஆண்டு வேலை செய்து அதை நிரூபிப்பது கடினம். ஆகவே அதற்கு ஒரு படி முன்னால் நின்று, நீங்கள் பொறுப்பேற்கக்கூடிய விளைவை எழுதுங்கள்: "உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அழுத்தம் 140/90-க்குக் கீழே இருப்பவர்களின் பங்கு உயரும்."

படி 2: பின்னோக்கி நடங்கள்

இது நடக்க அதற்கு முன் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். அழுத்தம் குறைய, சரியான அளவு மாத்திரையைத் தினமும் போட வேண்டும். அதற்கு மாத்திரை கையில் இருக்க வேண்டும். அதற்கும் முன், நோய் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்திருக்க வேண்டும். அதற்கும் முன், வீட்டில் யாராவது அளந்து பார்த்திருக்க வேண்டும். தன்னார்வலருக்குப் பயிற்சி தருவதும் கருவி வாங்குவதும் இந்தச் சங்கிலியின் கடைசியில்தான் வருகின்றன.

படி 3: ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் எழுதுங்கள்

விவரிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கண்ணி ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கும். "வீட்டுக்குப் போனால் அளந்துவிடலாம்" என்பதன் அடியில், பகலில் ஆள் வீட்டில் இருப்பார் என்ற அனுமானம் உள்ளது. வேலைக்குப் போகும் ஆண்கள் இங்கேதான் விடுபடுகிறார்கள். பதிவேட்டில் பெண்களும் முதியவர்களும் மட்டும் நிறைந்திருந்தால் இந்தக் கண்ணி அறுந்துவிட்டது என்று பொருள். மாலை நேரச் சுற்றையோ, வேலையிடத்தில் அளப்பதையோ செயல்பாடுகளில் சேர்க்க வேண்டும்.

இதைவிட எளிதில் கண்ணில் படாத அனுமானம் ஒன்று உண்டு: "மாத்திரை வீட்டுக்கு வந்தால் அழுத்தம் கட்டுப்படும்." இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரை 5 மி.கி. பலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. அளவைக் கூட்டவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ மருத்துவரால்தான் முடியும். மாத்திரை வாசலுக்கே வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் தேவை நோயாளிக்குத் தெரிவதில்லை. பல மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் 160-லேயே நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். எனவே மாதாமாதம் மாத்திரை தரும்போது அளப்பதும், 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் விவரிப்பில் தனிக் கண்ணியாக வர வேண்டும்.

அளவீடும் ஓர் அனுமானமே. ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல், சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் எண் பிழையாகும்.

படி 4: எண்களை ஓட்டிப் பாருங்கள்

கணக்குக்காக, உங்கள் பகுதியில் 250 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 200 பேரைக் கண்டுபிடிக்கிறீர்கள். 160 பேர் மருந்து தொடங்குகிறார்கள். 120 பேர் தொடர்கிறார்கள். 80 பேருக்குக் கட்டுப்படுகிறது. இந்த 80-ஐத் தொடர்பவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் 67 சதவீதம், மொத்தம் 250-ஆல் வகுத்தால் 32 சதவீதம். முதல் எண்ணை மட்டும் எழுதும் விவரிப்பு, விட்டுப்போன 130 பேரை மறைத்துவிடுகிறது. இரண்டையும் எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் உதிர்கிறார்களோ அங்கேதான் பணமும் ஆளும் போக வேண்டும்.

படி 5: பத்தியாக எழுதுங்கள்

அம்புக்குறிப் படம் மட்டும் போதாது, காரணங்கள் அதில் அடங்காது. ஒரு பத்தி இப்படி அமையலாம்:

"அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே சென்று மாத்திரை தந்து, அழுத்தத்தை அளந்தால், நோயாளிகள் மருந்தை இடையில் விடுவது குறையும், ஏனெனில் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இருக்காது. துணை சுகாதார நிலையத்தில் ஒரு மாத மாத்திரை கூடுதல் இருப்பாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். இருப்பை மாதந்தோறும் சரிபார்ப்போம்."

எழுதியதைத் தன்னார்வலர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "அந்தத் தெருவில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள்", "மாத்திரை போன மாதமே தீர்ந்துவிட்டது" என்று அவர்கள் சொல்வதை அப்படியே அனுமானங்களின் வரிசையில் சேர்த்து, அந்தக் கண்ணியைத் திருத்தி எழுதுங்கள்.