ஓகஸ்ட் முடியும்வரை உங்கள் கார்ட் செல்லும்

போன வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் சித்தியின் வங்கிக் கார்டைப் பார்த்த கடைத் தம்பி, "அன்ரி, இது இந்த மாதத்தோட சரி, இனி வேலை செய்யாது" என்று திருப்பித் தந்துவிட்டான். அன்றைக்குத் தேதி ஓகஸ்ட் 9. மாதம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. சித்தியும் அதை நம்பி, கையிலிருந்த காசை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். வேறொரு கடையில் அதே கார்டைப் போட்டதும் வேலை செய்தது.

கார்டில் 08/26 என்று இருந்தால், அது 2026 ஓகஸ்ட் 31ஆம் தேதி முடியும்வரை செல்லும். ஓகஸ்ட் 1ஆம் தேதியோடு செத்துப்போவதில்லை. அதை 'ஓகஸ்ட் 26ஆம் தேதி' என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு, அந்த 26 ஆண்டைத்தான் குறிக்கிறது.

கடவுச்சீட்டில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்கும். கார்டின் பின்னாலுள்ள காந்தப் பட்டையிலோ, காலாவதிக்கென்று ஆண்டுக்கு இரண்டும் மாதத்துக்கு இரண்டுமாக நான்கு இலக்கத்துக்குத்தான் இடம். நாள் எழுத இடமே இல்லாததால், அந்த மாதம் முழுவதும் செல்லும் என்பதே விதி. சிப்பில் நாளுக்கும் இடம் உண்டு. அதில் வழக்கமாக மாதத்தின் கடைசி நாளையே வங்கி எழுதிவிடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி நாளைத்தான். ரொறன்ரோவிலிருந்து போய் செப்டெம்பர் 3ஆம் தேதி திரும்புகிறீர்கள் என்று வைப்போம். யாழ்ப்பாணத்தில் 31ஆம் தேதி நள்ளிரவு தாண்டும்போது ரொறன்ரோவில் 31 பிற்பகல் இரண்டரை மணிதான். ஆனால் கடையிலுள்ள கார்ட் மெஷின் அங்குள்ள தேதியைத்தான் பார்க்கும். "கனடாவில் இன்னும் ஓகஸ்ட்தானே" என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஹோட்டல் கணக்கு, வான் வாடகை எல்லாவற்றையும் 31 இரவுக்குள் முடித்துவிடுங்கள். கடைசி மூன்று நாள் செலவுக்கான ரூபாயையும் அதற்கு முன்பே ஏ.டி.எம்மில் எடுத்துவிடுங்கள். செப்டெம்பரில் தங்குவதற்கு முன்பதிவு செய்தால், இப்போது செல்லும் கார்டாக இருந்தாலும் சில ஹோட்டல்கள் ஏற்காது. தங்கும் நாளிலும் அது செல்லுபடியாக வேண்டும் என்பார்கள்.

புதுக் கார்ட் வழக்கமாகப் பழையது முடிவதற்கு முன்பே தபாலில் வந்துவிடும். நீங்கள் ஊரில் நிற்கும்போது அது வீட்டுத் தபால்பெட்டியில் கிடந்து என்ன பயன்? பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வங்கிக்கு அழைத்து, முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: புதியதைச் செயற்படுத்தியதும் பழையது நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால், பழைய கார்டில் ஓகஸ்ட் மிச்சம் இருந்தாலும் அது உதவாது. அப்போது புதியதைத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடையில் யாராவது "முடிந்துவிட்டது" என்றால், மெஷினில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தி அன்றைக்கு அதைத்தான் கேட்கவில்லை.