மெய்நிகர் வட்டு: வீங்கிய கோப்பு தானாகச் சுருங்காது

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில், உள்ளே ஓடும் இயந்திரத்தின் வட்டு வெளிக் கணினியில் ஒரு கோப்புதான். அதை உருவாக்கும்போது எழுத எழுத வளரும் ‘டைனமிக்’ வேண்டுமா, முழு இடத்தையும் முதலிலேயே பிடித்துவைக்கும் ‘பிக்ஸட்’ வேண்டுமா என்று வேகத்தை வைத்தே பலர் குழம்புகிறார்கள். வேகம் இங்கே சின்ன விஷயம். டைனமிக் வட்டு புதிய இடத்தில் முதன்முறை எழுதும்போது மட்டும் கோப்பை நீட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால் சற்றுத் தாமதிக்கும். எழுதிய இடத்தில் மறுபடி எழுதும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எஸ்எஸ்டியில் அதுவும் குறைவு. உண்மையான ஆபத்து இடக்கணக்கில் இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய கணக்கு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் 500 ஜிபி வட்டு. விண்டோஸ் அதை 465 என்று காட்டும். சொந்தக் கோப்புகள் 165 போக, மீதி 300. அதில் மூன்று மெய்நிகர் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 150 ஜிபி டைனமிக் வட்டு. தொடக்கத்தில் சில ஜிபிதான் பிடிக்கும் என்பதால், இல்லாத 150 ஜிபியைக் கடன் சொல்லியிருப்பது யாருக்கும் உறைக்காது.

கணக்கு மென்பொருள் ஓடும் முதல் இயந்திரத்தில் வாரந்தோறும் பேக்கப் எடுத்து, பழையதை அழிக்கிறார்கள். உள்ளே பார்த்தால் 60 ஜிபிதான் செலவு, 90 காலி. வெளியே கோப்போ 140 ஜிபி. அழித்த இடத்தை உள்ளே ஓடும் விருந்தினர் இயங்குதளம் காலி என்று குறித்துக்கொள்கிறதே தவிர, வெளியே இருக்கும் கோப்புக்கு அது தெரிவதில்லை. மற்ற இரண்டும் 85, 75 என்று வளர்ந்ததும் 300 நிறைந்துவிடும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி பார்த்து, `DrvVD_DISKFULL` என்ற செய்தியுடன் இயந்திரம் இடைநின்றுவிடும்.

இந்த நேரத்தில் பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. இயந்திரம் இடைநிறுத்தத்தில்தான் இருக்கிறது; வெளியே கொஞ்சம் இடம் விடுவித்துவிட்டுத் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

கோப்பைச் சுருக்க, முதலில் மைக்ரோசாப்டின் sdelete கருவியை விருந்தினர் விண்டோஸில் இறக்கி, அதன் காலி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும்:

```
sdelete -z c:
```

பிறகு இயந்திரத்தை முறையாக அணைத்துவிட்டு, வெளிக் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய கோப்புறையிலிருந்து:

```
VBoxManage modifymedium disk "D:\vm\kanakku.vdi" --compact
```

இங்கே இன்னொரு தவறு நடக்கும். பூஜ்யத்தை நிரப்புவதும் வட்டில் எழுதுவதுதான், 140 ஜிபி கோப்பு அந்த நேரத்தில் 150 வரை வீங்கக்கூடும். ஆகவே 10 ஜிபிக்கு மேல் வெளியே காலி செய்துவிட்டே தொடங்க வேண்டும். முடிந்ததும் கோப்பு 60 ஜிபியை ஒட்டி வந்து நிற்கும்.

இதையே பிக்ஸட் வட்டாகக் கேட்டிருந்தால், மூன்றாவது 150 ஜிபிக்கு இடமில்லை என்பது உருவாக்கும்போதே தெரிந்திருக்கும். அதனால்தான் தினமும் எழுதப்படும் கணக்கு இயந்திரத்துக்குப் பிக்ஸட், சோதித்துப் பார்த்துத் தூக்கிப்போடும் இயந்திரங்களுக்கு டைனமிக் என்பது என் தேர்வு. ஆனால் பிக்ஸட் என்ற தைரியத்தில், இயந்திரத்தின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதன்பின் எழுதப்படுவதெல்லாம் தனியொரு வேறுபாட்டுக் கோப்புக்குப் போகிறது. அது டைனமிக்காகவே வளரும்.