பாத்ரூம் சுவர் டைலை நடுக்கோட்டிலிருந்து பிரிக்கும் முறை

டைல் ஒட்டிய பாத்ரூமுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் மூலைகளுக்குத்தான் போகும். ஒரு மூலையில் முழு டைலும் எதிர் மூலையில் இரண்டு விரல் அகலக் கீற்றும் இருந்தால், ஒரு பக்கத்து மூலையில் தொடங்கி ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பசை கலப்பதற்கு முன் அரை மணி நேரம் கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கீற்று வந்திருக்காது. அந்தக் கணக்கை ஒரு சுவரை வைத்தே பார்ப்போம்.

கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர் அது. அகலம் 1300 மி.மீ., தரையிலிருந்து கூரை வரை உயரம் 2430 மி.மீ. டைல் 300 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம். இடைவெளிக்கு 2 மி.மீ. ஸ்பேசர்.

1. டைலை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

பெட்டியில் 300 என்று இருந்தாலும் டைல் உண்மையில் 298 ஆக இருக்கலாம். ஐந்து டைலைத் தரையில் வரிசையாக வைத்து, நடுவே ஸ்பேசர் போட்டு, மொத்தத்தையும் அளந்து பாருங்கள். அப்புறம் நேரான ஒரு மரச் சட்டத்தை எடுத்து, ஒவ்வொரு டைலும் முடியும் இடத்தையும் அடுத்தது தொடங்கும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். இனி இந்தச் சட்டத்தைச் சுவரில் எங்கே வைத்தாலும் டைல் எங்கே வெட்டுப்படும் என்று உடனே தெரிந்துவிடும். நம் உதாரணத்தில் டைல் சரியாக 300 இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

2. நடுக்கோட்டில் இரண்டு வழிகள்

சுவரின் நடுவில், அதாவது மூலையிலிருந்து 650 மி.மீ. தள்ளி, தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்து செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். மூலையைப் பார்த்து நேர் பிடிக்காதீர்கள். மூலை பெரும்பாலும் செங்குத்தாக இருக்காது.

முதல் வழி, இரண்டு டைல் சேரும் இடைவெளி கோட்டின் மேல் வருவது. கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் பாதி இடைவெளி 1, டைல் 300, இடைவெளி 2, இன்னொரு டைல் 300, இடைவெளி 2. மொத்தம் 605. மீதி 45 மி.மீ. மூலையில் 3 மி.மீ. விட வேண்டும் என்பதால் வெட்டும் துண்டு 42 மி.மீ.தான். இரண்டு மூலையிலும் இதே கீற்று.

இரண்டாவது வழி, ஒரு டைலின் நடு கோட்டின் மேல் வருவது. பாதி டைல் 150, இடைவெளி 2, முழு டைல் 300, இடைவெளி 2. மொத்தம் 454. மீதி 196, மூலை இடைவெளி போக 193 மி.மீ. துண்டு. டைலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. நன்றாக இருக்கும்.

ஒரு வழியிலிருந்து மற்றதற்கு மாறினால் மூலைத் துண்டு ஏறக்குறைய அரை டைல் அளவு மாறும். அதனால் ஒன்றில் கீற்று வந்தால் மற்றதில் அரை டைலுக்கு மேல் கிடைத்துவிடும். இரண்டையும் கணக்குப் போட்டு, பெரிய துண்டு வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீற்றை நான் இவ்வளவு வெறுப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அந்த மூலை மேலிருந்து கீழே 8 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். 42 மி.மீ. துண்டு கீழே போகும்போது 34 ஆகிவிடும்; சாய்வு பளிச்சென்று தெரியும். 193 மி.மீ. துண்டில் அதே 8 மி.மீ. கண்ணில் படாது. தவிர, ஒல்லியான கீற்றை வெட்டும்போதே நிறைய உடையும்.

3. பக்கச் சுவரின் கனத்தை மறக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. பக்கச் சுவரில் ஒட்டப்போகும் டைலும் பசையும் சேர்ந்து ஒரு கனம் வரும். டைல் 8, பசை 4 என்றால் 12 மி.மீ. எதிர்ச் சுவரை முதலில் முடித்து அப்புறம் பக்கச் சுவரை ஒட்டினால், இந்த 12 மி.மீ. எதிர்ச் சுவரின் மூலையில் விட்ட 3 மி.மீ. இடைவெளியையும் மூலைத் துண்டில் 9 மி.மீ.யையும் மறைத்துவிடும். நம் 193 வெளியே 184 ஆகத்தான் தெரியும். அது பரவாயில்லை. 42 கீற்றாக இருந்திருந்தால் தெரிவது 33தான்.

இந்த வரிசையைத்தான் நானும் சிபாரிசு செய்வேன். வெட்டிய முனை பக்கச் சுவர் டைலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனால் பக்கச் சுவரின் அகலத்தை வெறும் மூலையிலிருந்து எடுக்காமல், ஒட்டி முடித்த டைலின் முகப்பிலிருந்து எடுங்கள்.

4. உயரத்திலும் அதே கணக்கு

தரையில் முழு டைலோடு தொடங்கினால் நான்கு வரிசை போக, கூரையடியில் 20 மி.மீ.கூட மிஞ்சாது. அதை ஒட்டவே முடியாது. எனவே மூன்று முழு வரிசை மட்டும் வைத்து மீதியை மேலும் கீழும் பிரிப்போம். மூன்று டைல் 1800, நான்கு இடைவெளி 8, கூரையிலும் தரையிலும் தலா 3. மொத்தம் 1814. மீதி 616, இரண்டாகப் பிரித்தால் 308 மி.மீ.

கீழ் வரிசை வெட்டுத்துண்டாக இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. பாத்ரூம் தரை வடிகால் பக்கம் சரிவாகத்தான் இருக்கும். தரையின் மேடான இடத்திலிருந்து 313 மி.மீ. உயரத்தில் மட்டக்கோடு போட்டு, அந்தக் கோட்டில் மேல் விளிம்பு வரும்படி ஒரு ரீப்பரை ஆணியடியுங்கள். இரண்டாம் வரிசையை அதன்மேல் உட்கார்த்தி ஒட்டுங்கள். பசை இறுகியதும் ரீப்பரைக் கழற்றிவிட்டு, சரிவுக்கு ஏற்ப ஒவ்வொரு துண்டாக அளந்து கீழ் வரிசையை வெட்டி வையுங்கள்.

5. வெளிமூலையும் டிரிம்மும்

குழாயை மறைத்த பெட்டிச் சுவர், ஜன்னல் ஓரம் போன்ற வெளிப்பக்கம் நீட்டிய மூலை இருந்தால் அந்தச் சுவரில் நடுக்கோட்டை விட்டுவிடுங்கள். முழு டைல் வெளிமூலையிலிருந்து தொடங்கட்டும், வெட்டு உள்மூலைக்குப் போகட்டும். கண்ணும் கையும் படுவது வெளிமூலைதான்.

அங்கே டைலின் முனையைக் காக்க டிரிம் வைக்கிறோம்; புரொஃபைல் என்பதும் இந்த ஓரப் பட்டையைத்தான். கால்வட்டம், சதுரம், எல் வடிவம் என்று பல வகை உண்டு. எதுவானாலும் அதன் ஆழம் டைலின் கனத்துக்குச் சமமாகவோ ஒரு மி.மீ. அளவுக்குக் கூடுதலாகவோ இருக்கட்டும். குறைவாக இருந்தால் டைலின் கூர்முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

புரொஃபைலின் ஓட்டை போட்ட தட்டையான கால் பசைக்குள் பதிந்து, அதன்மேல் டைல் உட்காரும். டைலுக்கும் புரொஃபைலுக்கும் நடுவே 2 மி.மீ. விடுங்கள். டைல் தொடங்கும் கோட்டை எண்ணால் ஊகிக்க வேண்டாம். இரண்டு டைல் துண்டையும் ஒரு சாண் புரொஃபைலையும், பின்னால் பசையின் கனத்துக்கு அட்டை வைத்து, மூலையில் பிடித்துப் பாருங்கள். டைல் முனை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து செங்குத்துக்கோடு போட்டு, உங்கள் அளவுச் சட்டத்தை அந்தக் கோட்டிலிருந்து வைத்துப் பாருங்கள்.

புரொஃபைலைக் கீழிருந்து மேல்வரை ஒரே துண்டாக வெட்டுங்கள். ரம்பம் பட்ட முனையை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். உள்மூலையில் விட்ட 3 மி.மீ.யில் கிரவுட் போடாதீர்கள். இரண்டு சுவரும் சிறிதளவு அசையும்போது அது விரிசல் விடும். அங்கே சிலிகோன்தான் நிற்கும்.