ஏசி ஃபில்டர்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது, ஏன் ஈரத்தோடு மாட்டக்கூடாது

ஊரில் சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கே ஃபில்டரையும் கழுவி மாட்டிவிட்டுப் போவார். அதனால் நம்மில் பலர் ஸ்பிளிட் ஏசியின் முன் மூடியைத் திறந்து பார்த்ததே இல்லை. வெளிநாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தால், ஃபில்டர் பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றிய பகுதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். சாவி கைக்கு வந்த அன்றே, ஏசியைப் போடுவதற்கு முன், மூடியைத் திறந்து ஃபில்டர் இருக்கும் நிலையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முன்பு இருந்தவர் விட்டுப்போன அழுக்குக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்ததும் முதல் கழுவலை முடித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன. ஆனால் நாள்காட்டியைவிட ஓடிய மணிநேரம்தான் முக்கியம். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் ஓடினால் இரண்டு வாரத்தில் 140 மணிநேரம். படுக்கையறையில் இரவு நான்கு மணிநேரம் மட்டும் ஓடினால் ஒரு மாதத்துக்கே 120 மணிநேரம்தான். அந்த அறைக்கு மாதம் ஒருமுறை போதும். சமையலறையை ஒட்டிய கூடம், கம்பளம் விரித்த அறை, நாய் பூனை வளர்க்கும் வீடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் தெரு, இவற்றுக்கெல்லாம் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். வலைக் கண்கள் வழியாக வெளிச்சம் சீராக வந்தால் இன்னும் சில நாள் விடலாம். திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தால் கழுவ வேண்டிய நாள் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஃபில்டருக்கென்று எச்சரிக்கை விளக்கு உள்ள ஏசிகளில், அந்த விளக்கு பொதுவாக ஓடிய மணிநேரத்தை எண்ணித்தான் எரிகிறது, அழுக்கைப் பார்த்து அல்ல. அது எரியவில்லை என்பதால் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

கழற்றும் வேலை இரண்டு நிமிடம்தான். ரிமோட்டில் அணைத்து, காற்று வரும் தகடு முழுவதும் மூடும் வரை காத்திருந்து, பிறகு சுவிட்சையோ பிரேக்கரையோ அணையுங்கள். கீழே பழைய துணி விரியுங்கள், தூசி கட்டாயம் விழும். முன் மூடியின் இரு பக்கமும் விரலால் பிடித்து, அது நின்றுகொள்ளும் வரை மேலே தூக்குங்கள். பெரும்பாலான மாடல்களில் உள்ளே இடமும் வலமுமாக இரண்டு வலை ஃபில்டர்கள் தெரியும். ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் ஒரு சிறு காது இருக்கும். அதை லேசாக மேலே தள்ளினால் கொக்கி விடுபடும், பிறகு கீழ்நோக்கி உங்கள் பக்கம் இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் பலம் போடாதீர்கள், எங்கோ ஒரு கொக்கி மாட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் தெரியும் மெல்லிய அலுமினியத் தகடுகளில் கை படக்கூடாது. விரலைக் கிழித்துவிடும், தகடும் எளிதில் மடங்கிவிடும்.

வலையின் மேல் சிறிய சட்டத்தில் கருப்பாகவோ வேறு நிறத்திலோ ஒரு துண்டு செருகியிருந்தால், முதலில் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அது நாற்றம் போக்கும் கரி ஃபில்டராகவோ நுண்தூசி ஃபில்டராகவோ இருக்கலாம். அவற்றில் பல தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். கையேட்டில் கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டுமே நனையுங்கள்.

இனி கழுவுதல். வலைக்கு இரண்டு முகம். அறையைப் பார்த்திருக்கும் முகத்தில்தான் தூசி படிகிறது. வாக்குவம் கிளீனர் இருந்தால் அந்த முகத்தின் மேல் ஒருமுறை ஓட்டுங்கள். லேசான தூசிக்கு அதுவே போதும். தண்ணீர் தேவைப்பட்டால் வலையைத் திருப்பி, சுத்தமான முகத்தின் வழியாகக் குழாயைத் திறந்துவிடுங்கள். தூசி வந்த வழியே வெளியே போகும். தூசி முகத்தின் மேல் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி நார்கள் கண்களுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் வராது. வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிளாஸ்டிக் சட்டம் வளையக்கூடும். எண்ணெய்ப் பிசுக்கு பிடித்திருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடிவிடுங்கள். பிளீச், தின்னர், தேய்க்கும் பொடி எதுவும் கூடாது. நுரை போகும் வரை அலசுங்கள். மிச்சமிருக்கும் சோப்பில் அடுத்த நாளே தூசி ஒட்டும். முறுக்கிப் பிழியாதீர்கள், உதறிவிட்டுச் சாய்த்து வைத்தால் போதும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவர்கள்கூடக் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில்தான். வெக்கையாக இருக்கிறது, குழந்தை தூங்கவில்லை, ஃபில்டர் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கிறது, மாட்டிவிடுகிறார்கள். வலைக் கண்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் சட்டமும் குறுக்குப் பட்டைகளும் சேரும் மூலைகளில் தண்ணீர் தங்கியிருக்கும். ஏசி ஓடத் தொடங்கியதும் அந்த ஈர இடங்களில் தூசி ஒட்டிச் சேறாகிறது. காய்ந்த தூசி தட்டினால் போய்விடும், இந்தச் சேறு வலையோடு இறுகிவிடும். மறுபடி மறுபடி இப்படி நடந்தால் அங்கே பூஞ்சை பிடித்து, ஏசி போட்ட முதல் ஐந்து நிமிடத்துக்கு ஈரத்துணி நாற்றம் வரும். அறைக்கு நறுமணம் தெளித்து அந்த நாற்றம் போகாது.

சரி, காயும் வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பின்னாலிருக்கும் அந்த அலுமினியத் தகடுகளும் அவற்றினூடே ஓடும் குழாயும் சேர்ந்ததுதான் காயில். குளிரும்போது அது முழுக்க நீர்த்துளிகள் இருக்கும். ஃபில்டர் இல்லாத நேரத்தில் வரும் தூசி நேராக அதில் ஒட்டுகிறது. ஃபில்டரைக் குழாயடியில் கழுவிவிடலாம், காயிலைக் கழுவ ஆள் கூப்பிட வேண்டும். அங்கே சேரும் அழுக்கு கீழிருக்கும் தண்ணீர்த் தட்டுக்கு வழிந்து, வடிகுழாயையும் அடைக்கும்.

ஆகவே ஏசி தேவைப்படாத நேரத்தைக் கழுவத் தேர்ந்தெடுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கழுவி, நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்திவிட்டுப் போனால் மாலைக்குள் காய்ந்திருக்கும். அவசரமென்றால் மின்விசிறிக்கு முன் வையுங்கள், அப்போதும் சில மணிநேரம் வேண்டும். கடும் வெயிலிலோ, முடி உலர்த்தும் கருவியின் சூட்டிலோ காயவைத்தால் சட்டம் வளையும். வளைந்த சட்டம் சரியாக உட்காராது, அந்த இடைவெளி வழியே தூசி காயிலுக்குப் போகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளை எடுத்து நான்கு மூலைகளிலும் குறுக்குப் பட்டைகளிலும் அழுத்துங்கள். தாளில் ஈரப் புள்ளி விழுந்தால் இன்னும் காயவில்லை. மாட்டும்போது மேல் விளிம்பை முதலில் செருகி, கீழ்க் காது கொக்கியில் விழும் வரை அழுத்துங்கள். முன்பக்கம் என்ற குறி சட்டத்தில் இருந்தால் அது உங்களைப் பார்க்க வேண்டும். பிறகு மூடியை இரு ஓரத்திலும் நடுவிலும் அழுத்தி மூடுங்கள்.

அடைத்த ஃபில்டர் என்ன செய்யும் என்பதற்கு, புதிதாகக் குடிவந்த வீடுகளில் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கூடத்து ஏசி தினமும் பத்து மணிநேரம் ஓடுகிறது, மூன்று மாதமாக யாரும் மூடியைத் திறக்கவில்லை. அதாவது 900 மணிநேரம். முதலில் காற்றின் வேகம் குறைகிறது. வீட்டார் வெப்பநிலையை 24-லிருந்து 20-க்கு இறக்குகிறார்கள். பலன் இல்லை, ஏனென்றால் குறை காற்றில்தான், எண்ணில் அல்ல. காயிலின் குளிரை எடுத்துச்செல்லப் போதிய காற்று வராததால் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, அதன் மேல் பனி பிடிக்கிறது. பனி மீதமிருந்த காற்று வழியையும் அடைக்கிறது. இரவு ஏசியை அணைத்ததும் பனி உருகி, தட்டு கொள்ளாமல் முன்பக்கமாகச் சொட்டுகிறது. உள்ளே பனி, கீழே தண்ணீர், குளிர்ச்சி இல்லை. இதைக் கேட்டவுடன் கேஸ் போட வேண்டும் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. நம்மவர்களும் உடனே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் ஆத்திரமாக வருகிறது.

அந்த நிலையில் நீங்களே செய்ய வேண்டியது இது. குளிரூட்டலை நிறுத்தி, மின்சாரத்தை அணைத்து, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பனி தானாக உருகட்டும், கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வைத்துச் சுரண்டாதீர்கள், காயில் துளையாகிவிடும். கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். பனி முழுதும் உருகி, ஃபில்டர் முழுதும் காய்ந்த பிறகு மாட்டி, விசிறி வேகத்தை உயர்வில் வைத்து ஓட்டிப் பாருங்கள். காற்று பழைய வேகத்துக்கு வந்து, சில மணிநேரம் கழித்தும் பனி பிடிக்கவில்லை என்றால் குற்றவாளி ஃபில்டர்தான்.

குளிர்காலம் வந்துவிட்டால் இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் பல வீடுகளில் இதே ஏசிதான் அறையைச் சூடாக்கவும் ஓடுகிறது, ஊரிலிருந்து வருபவர்களுக்கு இது புதிது. ஜன்னல்கள் மூடியிருக்க, போர்வை, கம்பளம், உல்லன் துணிகளின் நார் எல்லாம் அந்த வலைக்குத்தான் வருகிறது. சூடாக்கும்போது ஃபில்டர் அடைத்திருந்தால் காயிலின் சூடு அறைக்கு வராமல் உள்ளே அழுத்தம் ஏறும், ஏசி தன்னைக் காத்துக்கொள்ள அடிக்கடி நிற்கும். சூடாக்கும் மாதங்களிலும் மேலே சொன்ன அதே மணிநேரக் கணக்குதான்.

சுத்தமான, காய்ந்த ஃபில்டரோடும் பனி மறுபடி பிடித்தால், கோளாறு நீங்கள் கழுவிச் சரிசெய்யும் எல்லையைத் தாண்டிவிட்டது. காயில் அழுக்காக இருக்கலாம், விசிறி மெதுவாகச் சுற்றலாம், கேஸ் கசிந்திருக்கலாம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸ் நிரப்ப வருபவரிடம் கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள், அதை அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.