பாட் எந்த இடத்தில் மறந்தது? லாக் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மோட்டார் பம்பு, ஸ்டார்ட்டர், சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடையின் வாட்ஸ்அப் எண்ணில் ஒரு சப்போர்ட் பாட் இருக்கிறது. தென்னந்தோப்புக்காரர் ஒருவர் காலை 10:42-க்கு எழுதுகிறார்: “5 ஹெச்பி மோட்டாருங்க, மூணு பேஸ், போர்வெல்.” அடுத்த இரண்டு விநாடியில், “ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க.” பாட் இரண்டுக்கும் பதில் சொல்கிறது. முதல் பதிலில் 5 ஹெச்பி என்பதைச் சரியாகத் திருப்பியும் சொல்கிறது. அரை நிமிடம் கழித்து அவர், “அப்ப ஓவர்லோடு ரிலே மாத்தணுங்களா?” என்று கேட்டால் பாட், “உங்கள் மோட்டார் எத்தனை ஹெச்பி?” என்கிறது.

மனிதர் கடுப்பாகி கடைக்கு போன் போடுகிறார். கடைக்காரர் பாட்டைக் கட்டிக்கொடுத்தவரைக் கூப்பிடுகிறார். அவர் லாக்கைத் திறக்கிறார். தவறுகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, மொழி மாடல்மேல் பழியைப் போட்டுவிட்டு பிராம்ப்டைத் திருத்த உட்காருவது. “முந்தைய உரையாடலைக் கவனமாக நினைவில் வை” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். மாடலுக்கு நினைவு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறையும் அப்ளிகேஷன்தான் பழைய மெசேஜ்களைச் சேமிப்பிலிருந்து எடுத்து, புதிய கேள்வியோடு சேர்த்து அனுப்புகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தப்பான பதில் வந்த அழைப்பில் மாடலுக்கு என்ன போனது என்பதை. அதில் “5 ஹெச்பி” இருந்தும் பாட் மறுபடி கேட்டிருந்தால், பிராம்ப்டையும் மாடலையும் நோண்டுவதில் அர்த்தம் இருக்கிறது. இல்லையென்றால் மாடல் பாவம், அதற்குத் தெரியவே தெரியாது. நம் கடையில் இல்லை. ஆகவே தேட வேண்டிய இடம் அப்ளிகேஷன்.

அடுத்தது, வாடிக்கையாளர் எழுதிய வார்த்தையை வைத்தே லாக்கில் தேடுவது. “மோட்டார்” என்று போட்டுத் தேடினால் ஒரு வரிகூட வராது. உடனே “மெசேஜ் சர்வருக்கே வரவில்லை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். பைத்தானில் `json.dumps` தன் இயல்பு நிலையில் தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாது. லாக்கில் அந்த வார்த்தை இப்படிக் கிடக்கும்:

```
\u0bae\u0bcb\u0b9f\u0bcd\u0b9f\u0bbe\u0bb0\u0bcd
```

`ensure_ascii=False` என்று கொடுத்திருந்தால் தமிழாகவே தெரியும். அப்போதும் தேடல் சிக்கும் என்று சொல்ல முடியாது. “மோ”வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், `grep`-க்கு வேறு வேறு. போதாக்குறைக்கு இந்த எல்லைப் பக்கத்தில் ஒரே ஆள் காலையில் தமிழிலும் மதியம் மலையாளத்திலும் இடையில் ஆங்கில எழுத்தில் தமிழையும் தட்டுவார். வார்த்தையை விட்டுவிட்டு அடையாள எண்ணைப் பிடிப்பதே நல்லது. ஒவ்வொரு மெசேஜுக்கும் வரும் `mid` என்ற எண் ஒன்று, உரையாடலுக்கான `sid` என்ற செஷன் எண் ஒன்று. செஷன் எண் எல்லா வரியிலும், மெசேஜ் எண் மெசேஜ் வந்த வரியிலாவது இருக்க வேண்டும். போன் நம்பரையும் முழு மெசேஜையும் லாக்கில் கொட்டி வைக்கவே தேவையில்லை. அடுத்தவர் விவரம் அங்கே கிடப்பதும் நல்லதல்ல.

நேரத்தில் சறுக்குபவர்களும் உண்டு. வாடிக்கையாளரின் போன் 10:42 காட்டுகிறது, சர்வர் லாக் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் எழுதுகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 05:12-இல் தேட வேண்டும். இது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அவசரத்தில் 10:42-ஐத் திறந்து, வேறு யாருடைய உரையாடலையோ படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியமானது. இப்படிப்பட்ட பாட்டுகள் பெரும்பாலும் ஒரே வேலையாளாக ஓடுவதில்லை. ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்ல இரண்டு மூன்று வொர்க்கர்கள் ஓடும், நம் கடையில் ஒவ்வொன்றும் தனித்தனி லாக் ஃபைல் எழுதுகிறது. தப்பான பதிலைக் கொடுத்தது முதல் வொர்க்கர் என்று தெரிந்ததும் அதன் ஃபைலை மட்டும் மேலிருந்து கீழ்வரை படிப்பது நான்காவது தவறு. அதில் எல்லாமே ஒழுங்காக இருக்கும்: மெசேஜ் வந்தது, வரலாறு எடுக்கப்பட்டது, பதில் போனது, சேமிக்கப்பட்டது. `save` வரியைப் பார்த்ததும் “சேமித்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்று தோன்றும். எல்லா ஃபைலையும் சேர்த்து, நேரவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும்:

```
grep -h 'sid=7f3' w*.log | sort
```

அந்த `-h` இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஃபைல் பெயர் ஒட்டிக்கொள்ளும், `sort` நேரத்தை விட்டுவிட்டு ஃபைல் பெயரைப் பார்த்து அடுக்கிவிடும். வொர்க்கர்கள் வேறு வேறு மெஷினில் ஓடினால் கடிகாரங்களில் சிறு வித்தியாசம் இருக்கலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். நம் கடையில் ஒரே மெஷின்தான். அடுக்கியதும் வருவது இது:

```
05:12:07.310 w1 recv sid=7f3 mid=a91
05:12:07.352 w1 load sid=7f3 n=6
05:12:09.118 w2 recv sid=7f3 mid=a92
05:12:09.140 w2 load sid=7f3 n=6
05:12:11.874 w1 save sid=7f3 n=8
05:12:13.402 w2 save sid=7f3 n=8
05:12:40.015 w1 recv sid=7f3 mid=a93
05:12:40.031 w1 load sid=7f3 n=8
```

இங்கே `w1`, `w2` என்பவை வொர்க்கர்கள், `n` என்பது வரலாற்றில் உள்ள மெசேஜ்களின் எண்ணிக்கை. முன்பே 6 இருந்தன. முதல் வொர்க்கர் அந்த ஆறையும் எடுத்துக்கொண்டு மாடலிடம் பதில் கேட்கப் போனது. அது திரும்பி வர நாலரை விநாடி ஆனது. அதற்குள் இரண்டாவது மெசேஜ் வந்துவிட, இரண்டாவது வொர்க்கரும் அதே பழைய ஆறை எடுத்தது. முதலாவது தன் ஆறோடு “5 ஹெச்பி” மெசேஜையும் பதிலையும் சேர்த்து எட்டாகச் சேமித்தது. ஒன்றரை விநாடி கழித்து இரண்டாவது தன் ஆறோடு “ட்ரிப் ஆகுது”வையும் அதன் பதிலையும் சேர்த்து, அதையும் எட்டாக, முந்தையதன் மேலேயே எழுதியது. பத்து இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. ஒரு கணக்கு நோட்டை இரண்டு பேர் நகல் எடுத்துக்கொண்டு போய், ஆளுக்கொரு வரவு எழுதி, கடைசியாக வந்தவர் நகலை மட்டும் பெட்டியில் வைத்த கதை. `a91` மெசேஜும் அதற்குப் போன பதிலும் வாடிக்கையாளர் போனில் இருக்கின்றன, பாட்டின் வரலாற்றில் இல்லை.

தப்பு 05:12:40-இல் தெரிந்தது, நடந்ததோ 05:12:13-இல். தப்பான பதில் வந்த அழைப்பை மட்டும் தோண்டினால் இது சிக்காததற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்த்தால் பிழையே தெரியாது. எடுத்தது 6, சேமித்தது 8, கூடியது 2, சரி. கடைசியாகச் சேமித்தது 8, அடுத்து எடுத்தது 8, அதுவும் சரி. அடுத்தடுத்த இரண்டு `load` வரிகளில் ஒரே 6 வருவதுதான் காட்டிக்கொடுக்கிறது.

`n` வேறு விதமாக இருந்தால் காரணமும் வேறு. திடீரென `n=0` என்று எடுத்திருந்தால், செஷனின் ஆயுள் முடிந்து அழிந்திருக்கலாம், அல்லது செஷன் எண்ணே மாறியிருக்கலாம். எல்லையில் கேரளா சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என வைத்திருப்பவர் மற்ற நம்பரிலிருந்து எழுதினால் பாட்டுக்கு அவர் புது ஆள். `n` ஏறி ஏறி 20-இல் நின்றுவிட்டால், வரலாற்றைக் கடைசி 20-க்கு வெட்டும் அமைப்பு இருக்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கைக்குப் பதில் டோக்கன் அளவை வைத்து வெட்டும் பாட்டுகளும் உண்டு. பல டோக்கனைசர்களில் அதே விஷயம் ஆங்கிலத்தைவிடத் தமிழிலும் மலையாளத்திலும் கூடுதல் டோக்கன் தின்னும். ஆங்கிலத்தில் சோதித்தபோது நன்றாக ஓடியது தமிழில் சீக்கிரமே மறக்க இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாவது தவறு, நாமே ஒருமுறை பேசிப் பார்த்து “எனக்கு நன்றாக வருகிறதே” என்பது. சோதிப்பவர் ஒரு மெசேஜ் அனுப்புவார், பதிலுக்குக் காத்திருப்பார், அப்புறம் அடுத்ததை அனுப்புவார். அப்படிச் செய்தால் இந்தப் பிழை வரவே வராது. உண்மையான வாடிக்கையாளர் மூச்சுவிடாமல் நாலு துண்டாக அனுப்புவார். தோப்புக்குள் மோட்டார் ரூம் பக்கம் சிக்னல் இல்லாமல் நின்ற மெசேஜ்கள், மேட்டுக்கு வந்ததும் ஒன்றாகப் போய் விழும். அதோடு, சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரே வொர்க்கரை, ஒன்று முடிந்து ஒன்றாக ஓடவிட்டுச் சோதித்தாலும் பிழை ஒளிந்துகொள்ளும். இரண்டு வொர்க்கர் ஓடவிட்டு, மாடல் அழைப்பில் ஐந்து விநாடி தாமதத்தை வேண்டுமென்றே வைத்து, ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு மெசேஜ் அனுப்பினால் கைக்கு வந்துவிடும்.

திருத்தும்போதும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வரலாற்றின் நீளத்தை 20-லிருந்து 50 ஆக்குவது, செஷன் ஆயுளைக் கூட்டுவது, இரண்டும் இந்தப் பிழையைத் தொடாது. ரெடிஸில் முழு வரலாற்றையும் `SET` செய்து மேலெழுதுவதற்குப் பதில் `RPUSH` கொண்டு கடைசியில் சேர்த்தால் எதுவும் அழியாது. ஆனால் இரண்டாவது மெசேஜுக்குப் பதில் சொல்லும் வொர்க்கர் முதல் மெசேஜைப் பார்த்திருக்காது என்ற குறை அப்படியே இருக்கும். மெசேஜ் வந்தவுடனேயே அதைச் சேர்த்துவிட்டால் அதுவும் குறையும். என் கணக்கில் நல்ல வழி, ஒரு செஷனின் மெசேஜ்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பதில் சொல்வது. கூடவே பதிலுக்கு முன் இரண்டு மூன்று விநாடி காத்திருந்து, துண்டு துண்டாக வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தால் வாடிக்கையாளருக்கும் ஒரே பதில் போகும். ஒரே மெசேஜை வாட்ஸ்அப் மறுபடி அனுப்பினாலும் இரண்டாவது முறை பதில் போகாதபடி `mid` வைத்துத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

திருத்திய பிறகு லாக்கில் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். வரலாறு 20-இல் வெட்டப்படும் பாட்டில், நீண்ட உரையாடலின் எல்லா `load` வரியும் 20 என்றுதான் காட்டும். அப்போது ஒரே எண் இருமுறை வந்தது என்ற தடயம் பயன்படாது. அதனால் எடுத்த வரலாற்றில் வாடிக்கையாளர் கடைசியாக அனுப்பிய மெசேஜின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்:

```
05:12:09.140 w2 load sid=7f3 n=20 last=a90
```

`a92`-க்காக எடுத்த வரலாற்றில் `last=a91` என்று இல்லாமல் `a90` என்று இருந்தால், அந்த நொடியிலேயே ஒரு மெசேஜ் விடுபட்டிருக்கிறது. வாடிக்கையாளர் போன் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.